டீக்கடை வாசலில் தொங்கிய தலைப்பு

குறுவை நடவு நடந்த ஆனி மாதம் அது. வயல் மோட்டார் திருடியவர் கைது, குற்றத்தை ஒப்புக்கொண்டார் என்று போலீஸ் செய்திக்குறிப்பு வந்தது. நாளிதழ் நிருபரான நான் ‘திருடியதாகப் போலீசார் கூறுகின்றனர்’ என மாற்றினேன். வாக்குமூலத்தை விட்டுவிட்டு, குடும்பத்தாரின் மறுப்பைச் சேர்த்தேன். அப்படியே அச்சானது.

மறுநாள் காலை, கைதானவரின் மனைவி டீக்கடையில் தொங்கிய எங்கள் பத்திரிகை போஸ்டரைக் காட்டினார். ‘மோட்டார் திருடன் கைது’.

“பேப்பர் உள்ள சரியாத்தாம்மா போட்டிருக்கு” என்றேன்.

“என்னை நடவுக்கு வர வேண்டாம்னுட்டாங்க சார். அங்க யாரு பேப்பர் வாங்கிப் படிக்கிறா?”

அலுவலகத்துக்குப் போன் செய்தேன். “போஸ்டர்ல ‘கூறுகின்றனர்’க்கு இடம் ஏதுங்க?” என்றார்கள்.

அந்த போஸ்டரைக் கழற்றினேன். திருவாரூர்ச் சாலை நெடுகக் கடைக்குக் கடை அதுவே தொங்கியது.