மூடியில்லாத பிளக்

மனைவி இறந்துபோன பிறகு ரிப்பேர்க்காரர் கடையைத் திறக்கமாட்டார் என்றுதான் தெருவே பேசிக்கொண்டது. அவர் திறந்தார். கடையைக் காலி செய்துவிட்டுத் தன்னோடு வந்துவிடச் சொல்லி மகள் போனில் நச்சரித்துக்கொண்டிருந்தாள். ஒரு வேலையைத் தனியாக முடித்துப் பார்க்கிறேன், முடியவில்லை என்றால் வருகிறேன் என்று அவளுக்கு வாக்குக் கொடுத்திருந்தார்.

முதல் ஆளாக வந்தவள் எதிர்க்கடைத் தையல்காரி. அவளுடைய இரும்பு மேசைவிளக்கின் ஒயர், மிஷின் காலடியில் அரைபட்டுத் தோல் கிழிந்து செம்பு தெரிந்தது. பிளக் ஒருபக்கம் கருகியிருந்தது. கறுப்புத் துணி தைக்க அது இல்லாமல் கண் தெரியாதாம், இருட்டுவதற்குள் வேண்டுமாம்.

அவர் பல்பைக் கழற்றி, அடித்தட்டைத் திறந்து, எந்த ஒயர் எங்கே போகிறது என்று பார்த்துக்கொண்ட பிறகே பழையதைப் பிரித்தார். மூன்று கம்பியுள்ள புது ஒயரை அடித்துளையின் ரப்பர் வளையத்தில் நுழைத்து, யாராவது இழுத்தால் இணைப்பு கழன்றுவிடாதபடி உள்ளே ஒரு முடிச்சுப் போட்டார். பழுப்பு ஒயர் சுவிட்சுக்கு, நீலம் ஹோல்டருக்கு, பச்சை விளக்கின் இரும்பு உடம்புக்கு. தட்டை மூடினார். அப்புறம் பிளக். தோல் சீவி, இழைகளை முறுக்கி, ஒவ்வொன்றையும் அதனதன் பின்னில் மாட்டித் திருகினார். பச்சையை மட்டும் கொஞ்சம் நீளமாக விட்டார். ஒயர் இழுபட்டாலும், ஷாக் அடிக்காமல் காக்கும் அந்த எர்த் கடைசியில்தான் அறும். கிளிப்பை இறுக்கினார். மூடுவதற்குக் கையை நீட்டினார்.

மூடி மேசையில் கிடந்தது. அந்த மாதிரி பிளக்குக்கு மூடியை முதலில் ஒயரில் கோத்துவிட வேண்டும்.

முப்பது வருஷத்தில் ஒருநாளும் அவர் அதை மறந்ததில்லை. அப்படித்தான் நினைத்திருந்தார். எதிர் ஸ்டூலில் உட்கார்ந்து, அவர் பிளக்கைக் கையில் எடுக்கும் முன்பே மூடியைக் கோத்து வைப்பவள் மனைவிதான். “உங்க தலையும் கழட்டி மாட்டறதா இருந்தா, வீட்டுலயே வச்சுட்டு வந்துருப்பீங்க” என்பாள். அவர் எதையும் மறக்காமல் இருந்ததெல்லாம் அவள் புண்ணியம்.

ஸ்டூலின் மேல் பழைய ஒயர்ச் சுருள் கிடந்தது. கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எல்லாத் திருகையும் கழற்றி, மூடியைக் கோத்து, மறுபடி முதலிலிருந்து மாட்டினார். பல்பு போடாமல் சுவிட்சைத் தட்டி, சோதனை பல்போடு தொடராக இணைத்துப் பார்த்தார். அது எரியவில்லை. எங்கும் ஷார்ட் இல்லை. விளக்கில் பல்பைப் போட்டு நேராகச் சொருகினார். பளிச்சென்று எரிந்தது.

தையல்காரி வாங்கிப் பார்த்து, புதுசு மாதிரி இருக்கிறதே என்று மெச்சிக்கொண்டு போனாள். அவர் மகளுக்குப் போன் போட்டார்.

“முடிச்சுட்டீங்களாப்பா?”

“முடிச்சுட்டேம்மா. நல்லா எரியுது.”

“அப்போ வரமாட்டீங்க.”

அவர் ஸ்டூலில் கிடந்த ஒயர்ச் சுருளை எடுத்துக் கீழே வைத்தார்.

“திட்ட ஆளில்லாம ஒரு வேலையை முடிச்சேன்மா. இன்னொண்ணு அப்படி முடியாது. வந்து கூட்டிட்டுப் போ.”