நிமிஷம் போட்ட அழைப்பிதழ்

ஆற்றுப்பாலம் கடைக்காரர்கள் நலச் சங்கம் மைக் செட்டுக்காரன் பூதத்தானுக்குப் பதினெட்டாயிரத்து அறுநூறு ரூபாய் கடன்பட்டிருந்தது. ஊரில் கரண்ட் இல்லாமல் கிடந்த அந்த வெள்ளத்தின்போது, அவனுடைய ஜெனரேட்டர்தான் அத்தனை கடைக்கும் வெளிச்சம் கொடுத்தது. நனைந்த சரக்கை அள்ளவும், சேற்றை வழிக்கவும், திருடன் வராமல் காவல் இருக்கவும் அந்த வெளிச்சம்தான். டீசல் போடக் காசில்லாமல் பொண்டாட்டி பேச்சித்தாயின் சங்கிலியை வங்கியில் வைத்தான். "சங்கம் குடுத்துரும்" என்று தலைவர் குமரகுருபரன் சேற்றில் நின்றபடி சொன்னார். அதற்குப் பிறகு இரண்டு ஆண்டுப் பொதுக்கூட்டம் முடிந்துவிட்டது. பணம் மட்டும் வரவில்லை.

கொடுக்க மாட்டோம் என்று யாரும் சொன்னதில்லை. அப்படிச் சொல்லியிருந்தால் பூதத்தான் அன்றைக்கே நாலு கேள்வி கேட்டிருப்பான். கூட்டத்தின் கடைசிப் பொருளாக 'நிலுவைத் தொகைகள்' என்று இருக்கும். அதற்கு வருவதற்குள் மணி இரண்டாகிவிடும். பந்தியில் இலை போடும் சத்தம் கேட்கும். தலைவர் எழுந்து, "நேரம் கருதி இதை அடுத்த கூட்டத்துக்கு ஒத்திவைக்கிறோம்" என்பார். எல்லாரும் எழுந்து சாப்பாட்டுக்கு ஓடுவார்கள். பூதத்தான் மைக் வயரைச் சுருட்டுவான்.

அவன் சாமானியப்பட்ட ஆளில்லை. நாலாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். விக்கிரமசிங்கபுரத்தில் ஒரு மைக் செட்டுக்காரரிடம் கூலிக்குச் சேர்ந்து, குழாய் ஒலிபெருக்கியைத் தலையில் சுமந்து, தென்னை மரமேறிக் கட்டியவன். மில் வாசலில் தொழிற்சங்கத் தலைவர்கள் பேசியதை எல்லாம் மேடைக்கடியில் உட்கார்ந்து கேட்டவன். இன்றைக்கு அம்பாசமுத்திரத்தைச் சுற்றி எந்தக் கோயில் கொடை என்றாலும் அவனுடைய பெட்டிதான் பாடும். யார் காலிலும் விழாமல் சம்பாதித்தது அத்தனையும்.

இந்த வருஷம் வங்கியிலிருந்து ஏல நோட்டீஸ் வந்தது. மாதக் கடைசிக்குள் கட்டாவிட்டால் சங்கிலி போய்விடும். பேச்சித்தாய் வெறுங்கழுத்தோடு தங்கச்சி மகள் சடங்குக்குப் போய்விட்டு வந்தாள். அதுதான் அவனைக் கிளப்பிவிட்டது.

சங்கச் செயலாளர் தாஜ் முகம்மது செருப்புக் கடை வைத்திருந்தார். அழைப்பிதழ் எழுதுவது அவர் வேலை. பூதத்தான் மத்தியானம் ஆளில்லாத நேரம் பார்த்துக் கடைக்குப் போனான்.

"பாய், பத்திரிகை அடிச்சாச்சா?"

"இனிமேத்தான் எழுதணும். கவலப்படாதிய, ஒங்க விசயத்தயும் போட்டுருதேன்."

"போட்டு என்ன செய்ய? போன வருசமும்தான் போட்டிய. இந்த மட்டம் ஒவ்வொண்ணுக்கும் நேரத்தைப் போடுங்க. இது இத்தன மணிக்கு, இத்தன நிமிசம்னு."

தாஜ் சிரித்தார். "கூட்டத்துக்கா? தலைவரு என்னைய உண்டு இல்லன்னு ஆக்கிருவாரு வே."

"கல்யாணப் பத்திரிகையில ஒன்பதிலிருந்து பத்தரைக்குள்ள முகூர்த்தம்னு போடுதோம். மாப்பிள்ளைக்கு மாமன் மந்திரியா இருந்தாலும் அந்த நேரத்துக்குள்ள தாலி ஏறிருதா இல்லையா? எழுதிப் போட்டா நேரத்துக்கு ஒரு மருவாதி உண்டு பாய்."

சொல்லிவிட்டுப் பையிலிருந்து ஒரு பென் டிரைவை எடுத்து வைத்தான். அவன் மைக் பெட்டி வழியாகப் போகும் பேச்சு எதுவானாலும் பதிவாகிவிடும். போன வருஷக் கூட்டம் முழுவதும் அதில் இருந்தது. கடைக் கணினியில் போட்டு இருவரும் ஓட்டிப் பார்த்தார்கள். வரவேற்பு முப்பத்தைந்து நிமிஷம். பொன்னாடை போர்த்தினது மட்டும் இருபத்தெட்டு. தலைவர் உரை ஐம்பத்திரண்டு. லட்சக்கணக்கில் போய்வந்த வரவு செலவுக்கு ஒன்பது நிமிஷம். நிலுவைத் தொகைக்கு ஒரு மூச்சு, அதுவும் ஒத்திவைக்கிறோம் என்று சொன்ன மூச்சு.

தாஜ் வாயில் கை வைத்தார். "பொன்னாடைக்கு அரை மணி நேரமா? அத நான் கணக்குலயே எடுத்ததில்லையே."

"ஒருத்தரும் எடுக்கல. அதான் அது எல்லாரு நேரத்தயும் தின்னுட்டுப் போவுது. அதயும் ஒரு பொருளா எழுதுங்க."

பத்து மணிக்குத் தொடங்கி ஒன்றரைக்குச் சாப்பாடு என்று வைத்துக்கொண்டார்கள். இருநூற்றுப் பத்து நிமிஷம் கைவசம். சோற்று மணம் வந்தபிறகு எவன் காதிலும் எதுவும் ஏறாது. அதற்குள் முடிக்க வேண்டும். பூதத்தான் தன் விஷயத்தை முதலில் போடச் சொன்னான். தாஜ் ஒத்துக்கொள்ளவில்லை.

"பத்து மணிக்கு எவன் வருவான்? பதினொண்ணு வரைக்கும் பாதி நாற்காலி காலியா கெடக்கும். ஆளில்லாம தீர்மானம் போட்டா, செல்லாதுன்னு நாளைக்கே தட்டிருவாங்க. ஆள் நெறஞ்ச நேரத்துல வைப்போம்."

அது நியாயமாகப் பட்டது. ஆண்டறிக்கையை வாட்ஸப்பில் முன்கூட்டியே அனுப்பிவிட்டு, கூட்டத்தில் கேள்விக்கு மட்டும் கால் மணி நேரம் என்றார் தாஜ். வாசித்துக் காட்டுகிற நேரம் மிச்சம். வரவேற்புக்குப் பத்து, பொன்னாடைக்குப் பதினைந்து, போன கூட்டக் குறிப்புக்கு ஐந்து, வரவு செலவுக்கு முப்பது. கடைகளுக்குப் பின்னால் அடைத்துக் கிடக்கும் சாக்கடைக்கு நாற்பத்தைந்து. அதுதான் சண்டை வருகிற இடம். தேநீருக்குப் பதினைந்து. பன்னிரண்டேகாலுக்கு நிலுவைத் தொகை, பதினைந்து நிமிஷம். அதற்குப் பிறகுதான் தலைவர் உரை, இருபது. உறுப்பினர் பேச இருபத்தைந்து. பெயர் கொடுத்தவருக்கு மும்மூன்று நிமிஷம். கடைசியில் பதினைந்து நிமிஷத்தை ஒன்றும் எழுதாமல் விட்டார்கள். எது இழுத்தாலும் அதிலிருந்து எடுத்துக்கொள்ளலாம்.

"தலைவர் உரைக்கு முன்னால ஒங்க விசயத்த வச்சிருக்கேன், கவனிச்சியளா? அவரு பேசணும்னா இதத் தாண்டித்தான் வரணும்" என்றார் தாஜ். செருப்புக் கடைக்காரருக்கும் கொஞ்சம் குசும்பு உண்டு.

அழைப்பிதழ் எல்லாக் கடைக்கும் போன அன்று சாயங்காலம் குமரகுருபரன் நேராகப் பூதத்தான் கடைக்கே வந்துவிட்டார். ஜவுளிக் கடை முதலாளி. தாத்தா காலத்தில் ஆற்றங்கரையில் பாதி வயல் அவர்களுடையது. வாசலில் நின்றே பேசினார்.

"என்ன பூதத்தான், எனக்கு மீட்டர் மாட்டுதியளாமே?"

"உள்ள வாங்க அண்ணாச்சி. காபி சொல்லுதேன்."

"காபி கெடக்கட்டும். தலைவர் உரை இருவது நிமிசம்னு ஊரெல்லாம் அடிச்சுக் குடுத்திருக்கிய. எங்கப்பா இருந்த சங்கம் இது. இப்படி ஒரு அவமரியாத நடந்ததில்ல."

"பொணத்துக்குக்கூட எடுக்குத நேரம் போடுதோம் அண்ணாச்சி. அது கோவிச்சுக்கிடுதா?"

அவர் முகம் கறுத்தது. "வாய் நீண்டு போச்சு. பத்திரிகையில எழுதினா ஆச்சா? கூட்டத்த நடத்துதது நான்."

"நடத்துங்க. நான் மைக்கைத் தொட மாட்டேன். அணைச்சேன்னு ஒரு பேச்சு வரக்கூடாது. ஆனா ஒரு காரியம் செய்வேன், சொல்லிட்டே செய்யுதேன்."

அவன் செய்தது இதுதான். கூட்டத்தன்று மண்டபத்து மேடை ஓரம், பேசுகிறவருக்கும் கேட்கிறவருக்கும் தெரிகிற மாதிரி கொடைக்குக் கட்டும் பல்பில் இரண்டைக் கட்டினான். ஐந்து நிமிஷம் பாக்கி இருந்தால் மஞ்சள் எரியும். நேரம் முடிந்தால் சிவப்பு.

பத்து மணிக்குப் பத்தொன்பது பேர்தான் இருந்தார்கள். தாஜ் தொடங்கிவிட்டார். பிந்தி வந்தவர்கள் வரவேற்பு முடிந்ததைக் கண்டு திருதிருவென்று விழித்தார்கள். பொன்னாடைக்குச் சிவப்பு எரிந்தபோது இன்னும் மூன்று துண்டு மடங்கிக் கிடந்தது. அதை மடங்கியபடியே கையில் கொடுத்தார்கள். வாங்கினவர்கள் ஒன்றும் குறைந்து போகவில்லை. வரவு செலவைப் பொருளாளர் சித்ரலேகா நிதானமாக வாசித்தாள். மருந்துக் கடை வைத்திருப்பவள். முதல் தடவையாக நாலு பேர் கேள்வி கேட்டார்கள்.

சாக்கடையில்தான் வினை வந்தது. பன்னிரண்டு அடிக்க ஏழெட்டு நிமிஷம் இருக்கும்போது குமரகுருபரன் மைக்கைப் பிடித்தார். சாக்கடையில் தொடங்கி, அவர் அப்பா கட்டிய படித்துறைக்குப் போய், அங்கிருந்து சங்கத்தின் பொன்விழாவுக்குப் போனார். மஞ்சள் எரிந்தது. சிவப்பு எரிந்தது. அவர் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை.

பூதத்தானின் விரல் பெட்டியின் திருகில் இருந்தது. ஒரு திருகு, அவ்வளவுதான். பேச்சித்தாயின் கழுத்து கண்ணுக்குள் வந்தது. விரலை எடுத்து மடியில் வைத்துக்கொண்டான். வாக்குக் கொடுத்தாயிற்று, அவன் வாக்கு தலைவர் வாக்கைப் போலச் சேற்றில் போகிற வாக்கில்லை.

அப்போது நடுவரிசையில் இட்லிக்கடை ராஜராஜேஸ்வரி எழுந்தாள். கையில் அழைப்பிதழ்.

"அண்ணாச்சி, ஒங்க முறை பன்னெண்டரைக்குல்லா? எனக்கு மூணு நிமிசம் எழுதிருக்கு. ஷட்டர் விசயம் பேசணும்னு ரெண்டு நாளா மனப்பாடம் பண்ணிட்டு வந்திருக்கேன். என் நிமிசத்தத் தின்னாதிய."

மண்டபம் சிரித்தது. பின்வரிசையில் ஒருவன், "எனக்கும் மூணு நிமிசம் இருக்கு" என்றான். ஆங்காங்கே அழைப்பிதழ்கள் உயர்ந்தன. போன வருஷம் வரை நேரம் யாருடையதாகவும் இருந்ததில்லை, அதனால் அவர் எடுத்தார். இன்றைக்கு ஒவ்வொரு நிமிஷத்துக்கும் ஓர் உடைமைக்காரன் இருந்தான். குமரகுருபரன் பெருமூச்சோடு உட்கார்ந்தார். மணி பன்னிரண்டேகால்.

"தேநீர் இருந்த இடத்துக்கே வரும். யாரும் எந்திரிக்க வேண்டாம்" என்றார் தாஜ். "அடுத்து, நிலுவைத் தொகைகள்."

பழக்கம் பாருங்கள், தலைவர் வாய் தானாகவே திறந்தது. "நேரம் கருதி..."

"இன்னும் பதினாலு நிமிசம் கெடக்கு அண்ணாச்சி" என்று யாரோ சொல்ல, தேநீர் குடித்துக்கொண்டிருந்தவர்களுக்குப் புரையேறிவிட்டது.

அவர் வேறு வழி தேடினார். ரசீது இல்லை என்றார். சித்ரலேகா கோப்பைத் திறந்து டீசல் ரசீதுகளை மேசைமேல் பரப்பினாள். பணம் வங்கியில் அல்லவா இருக்கிறது என்றார். காலையில் வாசலில் வசூலான சந்தா இருபத்திரண்டாயிரம் பணப்பெட்டியில் இருக்கிறது என்றாள் அவள். பதினெட்டாயிரத்து அறுநூறையும் கொடுத்துவிடுவதென்று ஒருவர் முன்மொழிந்தார், ஒருவர் வழிமொழிந்தார், கைகள் உயர்ந்தன. அதற்கே எட்டு நிமிஷம்தான் ஆனது. இரண்டு வருஷம் இழுத்த காரியம்.

மஞ்சள் எரிந்தது. குமரகுருபரன் பணத்தை ஒரு கவரில் போடச் சொன்னார். மடங்கிக் கிடந்த துண்டு ஒன்றையும் எடுத்துக்கொண்டு எழுந்தார்.

"வெள்ளத்தில் தொண்டு செய்த நமது பூதத்தானுக்குச் சங்கத்தின் சார்பில் ஒரு சிறு அன்பளிப்பு..."

"இருங்க அண்ணாச்சி." பூதத்தான் பெட்டியை விட்டு மேடையேறினான். "துண்டை வச்சிருங்க. கவர் வேண்டாம்."

"என்னவே, கூட்டத்துல வச்சு இப்படி?"

"அன்பளிப்புன்னா நீங்க குடுத்தா உண்டு, குடுக்காட்டி இல்ல. இது கடன். என் பொண்டாட்டி கழுத்துல இருந்தது. கடன்னு சொல்லி எண்ணி வைங்க."

குமரகுருபரன் தாஜைப் பார்த்தார். தாஜ் கடிகாரத்தைப் பார்த்தார். சித்ரலேகா கவரைப் பிரித்துத் தாள்களை அவர் முன்னால் வைத்தாள். பூதத்தான் ஜெனரேட்டர் கயிறு இழுத்துக் காய்ப்பேறிய வலது கையை நீட்டி, விரித்துப் பிடித்தான்.

"கடன்" என்றார் தலைவர், மைக்கில். பிறகு ஐநூறு ஐநூறாக எண்ணத் தொடங்கினார். அவருக்குப் பின்னால் சபையும் சேர்ந்து எண்ணியது. சந்தாவாக வந்த கசங்கல் தாள்கள் ஒன்றன்மேல் ஒன்றாக விழ, பதினெட்டாயிரத்து ஐநூறு ஆனதும் அவர் கை நின்றது. விரித்த கை அப்படியே இருந்தது. அவர் பணப்பெட்டிக்குள் தேடி, ஒரு நூறு ரூபாயை எடுத்து அதன்மேல் வைத்தார்.