ஒன்பது பேருக்கு வாந்தி, ஓர் அண்டா சோறு

தொழிற்சாலை கேன்டீன் மேனேஜருக்கு ‘சட்டம்’ என்று பட்டப்பெயர். தலையுறை போடாமல் அடுப்படிக்குள் நுழைந்தால் முதலாளியையே வெளியே அனுப்பிவிடுவார். அப்படிப்பட்ட மனுஷனின் சாப்பாட்டைத் தின்று ஒன்பது பேர் வாந்தி எடுத்தால் ஊர் சும்மா இருக்குமா?

நல்லவேளை, சாயங்காலத்துக்குள் எல்லோரும் எழுந்து உட்கார்ந்துவிட்டார்கள். ஆனால் சுகாதார ஆய்வாளர் வந்து, எடுத்து வைத்திருந்த உணவு மாதிரிகளை வாங்கிக்கொண்டு, “மெனு, சமைச்ச நேரம், பரிமாறின நேரம் எல்லாம் எழுதிக் குடுங்க” என்றார்.

நிர்வாக அதிகாரி அதற்குள் முடிவே கட்டிவிட்டார். “கோழிதான். சமையல்காரரை அனுப்பிட்டா விஷயம் முடிஞ்சுது. நீங்க எழுதுங்க.”

சமையல்காரர் வேறு யாருமில்லை, மேனேஜருடைய மனைவியின் தம்பி.

மேனேஜர் எழுத உட்கார்ந்தார். காய்கறி சூப், கோழி வறுவல், ஃப்ரைட் ரைஸ், பழம். பன்னிரண்டரைக்குப் பரிமாறியது. முதல் வாந்தி இரண்டு மணிக்கு. யார் யார் எதைச் சாப்பிட்டார்கள் என்று விசாரித்தார். கோழியைத் தொடாத கணக்காளரும் வாந்தி எடுத்திருந்தார். கோழியை ஒரு பிடி பிடித்துவிட்டு ஃப்ரைட் ரைஸை ஒதுக்கிய வாட்ச்மேன் குத்துக்கல்லாட்டம் இருந்தார்.

அப்படியானால் சோறுதான். அது முந்தின நாள் சாயங்காலம் வடித்தது. தட்டுகளில் பரப்பி, ஆறவைத்து, உடனே ஃப்ரிட்ஜில் வைக்க வேண்டும். சூடான அண்டாவோடு மூடி வைத்தால் உள்ளே விடிய விடிய கிருமி பெருகும். அது கக்கும் விஷம் மறுநாள் வாணலியில் எவ்வளவு வறுத்தாலும் போகாது. சமையல்காரர் தட்டுகளை எடுக்கத்தான் போனார். ஃப்ரிட்ஜ் முழுக்க முதலாளி விருந்துக்கு வாங்கிய கேக். “மூடி வை, காலைல பாத்துக்கலாம்” என்றது சாட்சாத் சட்டமேதான்.

பேனாவை மூடி வைத்துவிட்டு ஒரு தேநீர் குடித்தார். தேநீரும் உதவவில்லை. பிறகு எழுதினார்: ‘சோறு இரவு முழுக்க வெளியே இருந்தது. அப்படி வைக்கச் சொன்னவன் நான். சமையல்காரர் ஆறவைக்கத்தான் போனார்.’

அதிகாரிக்கு முகம் கடுகடுவென்று ஆனது. மேனேஜர் பதவி போய், சரக்கு அறைக்கு மாற்றல் வந்தது. ஒரு வாரம் கழித்து ஆய்வுக்கூட முடிவும் சோற்றைத்தான் காட்டியது.

மாற்றல் வந்த அன்று மச்சினன் சரக்கு அறை வாசலில் வந்து நின்றார்.

“ஏன் மாமா எழுதுனீங்க? நான் வாயே திறந்திருக்க மாட்டேன். அக்கா வீட்டு அடுப்பு எரியணும்னு வேலைய விடத் தயாராத்தான் இருந்தேன்.”

“தெரியும்டா,” என்றார் மேனேஜர். “அதனாலதான் எழுதுனேன்.”

மச்சினன் கண்ணைத் துடைத்துக்கொண்டு அடுப்படிக்குப் போனார். மதியச் சமையலுக்கு நேரமாகியிருந்தது.