மடிப்பில் இருந்தவள்

எனக்குப் பொறாமை அதிகம். இப்போது அதைச் சொல்லிக்கொள்ள வெட்கமில்லை. இருபத்தாறு வயதில் அதை யாருக்கும் தெரியாமல் மூடி வைத்திருந்தேன், நல்ல பெண் என்று பேர் வாங்குவதற்காக.

எண்பதுகளின் தொடக்கம் அது. சேலத்தில் ஒரு பெண்கள் விடுதியில் தங்கி, தினமும் பஸ் பிடித்து வாழப்பாடிக்குப் போய்ப் பாடம் நடத்திவிட்டு வருவேன். அந்த வருடம் தேர்தல் வேலை போட்டார்கள். வாக்குச்சாவடியில் நான் விரலில் மை வைத்தேன். பக்கத்து நாற்காலியில் பட்டியலில் பெயர் தேடியவர் ஆத்தூர் தாலுகா அலுவலக எழுத்தர். அன்று முழுக்க எங்களுக்குள் பத்து வார்த்தை பேச்சு இருந்தால் அதிகம். மூன்று வாரம் கழித்து விடுதிக்கு அவரிடமிருந்து ஓர் இன்லாண்டு கடிதம் வந்தது; தேர்தல் வேலைப் பட்டியலில் முகவரி பார்த்திருப்பார்.

‘ஒவ்வொரு கிழவியிடமும் வலிக்காது என்று சொல்லிச் சொல்லி மை வைத்தீர்கள். ஊசியா போட்டீர்கள், வலிக்க? இன்னும் நினைத்துச் சிரித்துக்கொண்டிருக்கிறேன். பதில் எழுதுவீர்களா?’

எனக்கும் சிரிப்பு வந்தது. முகம் சூடானது. அப்புறம் கடிதத்தைத் திருப்பினேன். இன்லாண்டில் இடம் தீர்ந்துபோனால், ஒட்டுவதற்கு முன் உள்ளே மடிக்கும் அந்தச் சின்ன ஓரத்தில் இரண்டு வரி நுணுக்கி எழுதுவார்கள் இல்லையா, அங்கே இருந்தது: ‘மாமா மகள் எட்டிப் பார்த்து, யாருக்கு எழுதுகிறீர்கள் என்று குடைகிறாள்.’

சிரிப்பு நின்றுவிட்டது. மடிப்பில் ஒரு பெண். இதை நான் முன்பே எங்கோ படித்திருக்கிறேன்.

எங்கே என்பதும் தெரியும். அதற்கு முன் மூன்று வருடம் எனக்கு ஒருவர் எழுதினார். மோகனூரில் கரும்பாலை வேலை. ஒரு நாள் கடிதம் நின்றது. அவருக்கும் அவருடைய அக்கா மகளுக்கும் கல்யாணம் என்று பத்திரிகை மட்டும் வந்தது. அக்கா மகளைக் கட்டுவது எங்கள் பக்கத்தில் புதுமை இல்லை. ஆனாலும் எனக்கு அது வானத்திலிருந்து இடி விழுந்ததுபோல இருந்தது. முந்தின கடிதம் வரைக்கும் அன்பாக எழுதியவர் ஆயிற்றே, வீட்டில் கட்டாயப்படுத்திவிட்டார்கள் என்று நானே முடிவு செய்து அவருக்காக அழுதுமிருக்கிறேன்.

புதியவருக்குப் பதில் எழுதுவதற்கு முன், அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பெட்டியின் அடியிலிருந்து பழைய கடிதக் கட்டை எடுத்தேன். முதல் வேலையாக வரிசைப்படுத்த வேண்டியிருந்தது. அந்த மனுஷர் தேதி போடமாட்டார், ‘செவ்வாய் இரவு’ என்று மட்டும் எழுதுவார். முன்பக்கத்து முத்திரை எல்லாம் அஞ்சல்தலைமேல் விழுந்து கருப்பாக அப்பிக் கிடந்தது. பின்பக்கம் சேலத்தில் வந்து சேர்ந்த நாளுக்குக் குத்திய முத்திரைதான் படிக்கும்படி இருந்தது. அதை வைத்துக் கட்டில் நிறையப் பரப்பினேன்.

அறைத் தோழி திருச்செங்கோட்டுப் பக்கத்துப் பெண், அரசு ஆஸ்பத்திரியில் நர்ஸ். தலையைத் துவட்டிக்கொண்டே வந்து நின்றாள்.

“ஏனுங்கக்கா, பரிட்சைக்குப் படிக்கிறாப்புல பரப்பிப் போட்டிருக்கறீங்க?”

“பரிட்சைதான். போன தடவை எதில் பெயில் ஆனேன்னு பார்க்கறேன்.”

வந்த காலத்தில் இவற்றைப் படித்த விதம் வேறு. என்னைப் பற்றிய வரிகளை மட்டும் பொறுக்கி விழுங்கிவிட்டு மற்றதைத் தாண்டிவிடுவேன். இப்போது என்னைப் பற்றிய வரிகளைத் தாண்டிவிட்டு மற்றதைப் படித்தேன். பென்சிலால் கோடும் போட்டேன்.

முதல் வருடம் அவள் மடிப்பில் இருந்தாள். ‘அக்கா மகள் நாமக்கல்லில் காலேஜ் சேர்ந்திருக்கிறாள்.’ ‘பிள்ளைக்கு பஸ் பாஸ் வாங்கப் போனேன்.’ பிள்ளை என்றதும் நான் இரட்டைச் சடைப் பாப்பாவை நினைத்துக்கொண்டேன், காலேஜ் போகிறவளை! இரண்டாம் வருடம் மடிப்பிலிருந்து கடைசிப் பத்திக்கு ஏறிவிட்டாள். ‘அவள் வைக்கும் ரசம் அக்கா வைப்பதைவிட நன்றாக இருக்கிறது.’ மூன்றாம் வருடம் நடுப்பக்கத்துக்கே வந்துவிட்டாள், அக்கா மகள் என்ற அடையாளம்கூட இல்லாமல் வெறும் ‘அவள்’ என்று. எனக்கு எழுதியதுதான் மடிப்பில் இருந்தது: ‘உடம்பைப் பார்த்துக்கொள்.’

ஒரு கடிதத்தில், ஆலையில் கரும்பு அரவைக் காலம், மூச்சுவிட நேரமில்லை, அதனால் நாலு வரி என்று இருந்தது. அந்த நாலில் ஒரு வரி, அவளை நாமக்கல் தேர் பார்க்கக் கூட்டிப்போனது. எனக்கு எழுத நேரமில்லையாம், தேர் பார்க்க நேரமிருந்ததாம்! எப்போதோ ஓடி முடிந்த தேருக்கு அந்த மத்தியானம் எனக்கு வயிறு எரிந்தது. கடிதத்தைக் கசக்கி, பிறகு தொடையில் வைத்து நீவி, முத்திரைப்படி அதன் இடத்திலேயே வைத்தேன்.

இவ்வளவும் அவர் எழுதித்தான் இருந்தார். எதையும் ஒளிக்கவில்லை. அப்படியானால் நான் என்ன பதில் எழுதினேன்?

அதற்கும் சாட்சி இருந்தது. எதையும் முதலில் ரஃப் நோட்டில் எழுதி, திருத்தி, பிறகுதான் இன்லாண்டில் நகல் எடுப்பேன். வாத்தியார் புத்தி. நோட்டைப் புரட்டினேன். அவள் யார், உங்களுக்குக் கட்டிக்கொள்ளும் முறைதானே, வீட்டில் பேச்சு உண்டா? ஒரு கடிதத்தில்கூடக் கேட்டிருக்கவில்லை. எல்லாக் கடிதத்தின் முடிவிலும் ஒரே வரிதான் இருந்தது: ‘அக்கா மகளை மிகவும் கேட்டதாகச் சொல்லவும்.’

வாய்விட்டுப் படித்தேன். நர்ஸ் தலையில் கை வைத்துக்கொண்டாள்.

“ஏனக்கா, நீங்களே அந்தப் புள்ளைய வாரா வாரம் அவருக்கு ஞாபகப்படுத்திப்போட்டீங்களே!”

“கேட்டால் பொறாமைக்காரின்னு நினைச்சுடுவார்னு பயம்.”

“நெனச்சா நெனச்சுட்டுப் போகட்டுமுங்க. இந்த ஆத்தூர்க்காரர்கிட்டயாச்சும் மொத காயிதத்துலயே கேட்டுப்போடுங்க. கேக்காம உட்டா மறுக்காவும் இதே கதைதானுங்க.”

நோட்டில் புதுப் பக்கம் எடுத்தேன். மை, கிழவிகள், பஸ் கூட்டம் எல்லாம் எழுதி முடிக்கும்போது என் கை தன்பாட்டுக்கு ‘மாமா மகளைக் கேட்டதாகச்’ வரை எழுதிவிட்டது. சட்டென்று அதை அடித்தேன். வேண்டாம் என்று சொல்லிவிடுவாரோ? சொன்னால் சொல்லட்டும், இன்னும் மூன்று வருடம் கழித்துப் பத்திரிகையில் படிப்பதைவிட மேல். எழுதினேன்: ‘உங்கள் மாமா மகளுக்கு என்ன வயது? உங்களுக்கு முறைதானே? வீட்டில் அப்படி ஏதும் பேச்சு உண்டா? இருந்தால் எனக்கு இனி எழுத வேண்டாம். எனக்குப் பொறாமை அதிகம்.’

நகல் எடுக்கும்போது அதை மடிப்பில் எழுதவில்லை. நடுப்பக்கத்தில், தனிப் பத்தியாக எழுதினேன். திங்கட்கிழமை பஸ் ஏறும் முன் தபால் பெட்டியில் போட்டேன். போட்டதும் திரும்ப எடுக்க முடியுமா என்று பார்த்தேன்.

எட்டு நாள் பதில் இல்லை. நான் பார்த்தே இராத அந்த மாமா மகளுக்கு விதவிதமாகப் புடவை கட்டிவிட்டுப் பார்த்தேன். எல்லாமே அவளுக்குப் பொருத்தமாகத்தான் இருந்தது, பாவி. ஒன்பதாம் நாள் இன்லாண்டு வந்தது. மூன்று பக்கமும் கிழித்து, முதலில் மடிப்பைத்தான் பார்த்தேன்.

‘மாமா மகளுக்கு முறை உண்டு. போன தை மாதம் வேறு இடத்தில் கல்யாணம் ஆகிவிட்டது. வளைகாப்புக்கு வந்திருக்கிறாள். உங்களைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னாள்.’

நர்ஸைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன். அப்புறம்தான் நடுப்பக்கத்துக்கு வந்தேன். அங்கே தனிப் பத்தி ஒன்று இருந்தது.

‘உங்கள் கடிதத்தில் ஓர் அடித்தல் இல்லை. கடைசி வரி இடத்தின் கடைசியில் சரியாக முடிகிறது. முதல் தடவை எழுதுகிறவர்களுக்கு இன்லாண்டில் இடம் போதாது, எனக்குப் போதவில்லை. இது நிறைய எழுதிப் பழகிய கை. யாருக்கு எழுதினீர்கள்? ஐந்தாறு நாளாக இதைக் கேட்கலாமா வேண்டாமா என்று இருந்தேன். எனக்கும் பொறாமை அதிகம்.’

இந்த முறை ரஃப் நோட்டை எடுக்கவில்லை. நேராக இன்லாண்டிலேயே எழுதினேன். நாலு இடத்தில் அடித்தேன், இடமும் போதவில்லை.