பிகாஸும் ஸோவும்

உத்தமபாளையத்தில் ஓர் ஏலக்காய் ஏற்றுமதி அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். ஒரு லோடு நனைந்து போய்ச் சேர்ந்ததற்காக, கிடங்கு மேற்பார்வையாளரிடம் மேனேஜர் விளக்கம் கேட்டார். மேற்பார்வையாளர் ஆங்கிலத்தில் பதில் மெயில் அனுப்பினார்.

மறுநாள் காலை மேனேஜர் அதை எங்கள் எல்லோர் முன்பும் பாதி தமிழாக்கிச் சத்தமாகப் படித்தார். “பிகாஸ் தார்ப்பாய் கிழிஞ்சிருந்துச்சு, ஸோ தண்ணி இறங்கிருச்சு, ஹென்ஸ் தேர்ஃபோர் என் தப்பில்ல. இப்படித்தான் எழுதியிருக்காரு. ஏன்யா, பிகாஸ் போட்டா ஸோ எதுக்கு? ஹென்ஸும் தேர்ஃபோரும் ஒண்ணுதானய்யா.”

சிலர் சிரித்தார்கள். மேற்பார்வையாளர் சிரிக்கவில்லை.

“தார்ப்பாயை மாத்தச் சொல்லி எத்தன தடவ கேட்டேன். அதப் பேசுங்க.”

“முதல்ல இங்கிலீஷ் படிச்சிட்டு வாய்யா.”

மேற்பார்வையாளர் மேசையில் இருந்த, காகிதத்தில் ஓட்டை போடும் இரும்புப் பஞ்சிங் மெஷினை எடுத்து மேனேஜரின் வாயிலேயே அடித்தார். உதடு கிழிந்து கீபோர்டெல்லாம் ரத்தம். கீழே விழுந்தவரை மிதிக்கத் தொடங்கினார். நாங்கள் இழுத்தோம். உதறிக்கொண்டு கண்ணாடிக் கதவைக் குத்தினார், கையும் கிழிந்தது.

நேரில் பார்த்தவள் என்று தலைமை அலுவலகம் என்னிடமும் விளக்கம் கேட்டது. ‘பிகாஸ் மேனேஜர் கேலி செய்தார், ஸோ அவர் அடித்தார்’ என்றுதான் என் கையும் டைப் செய்தது. ‘கேலி பண்ணதால, அதனால’ என்று பேசிப் பழகிய வாய் நமக்கு. இரண்டில் ஏதோ ஒன்று போதும். ஸோவை அழித்தேன். கேலியை மட்டும் அழிக்க மனம் வரவில்லை.

மேற்பார்வையாளருக்கு வேலை போனது. வழக்கு கோர்ட்டில் நடக்கிறது; சாட்சி சொல்ல என்னையும் கூப்பிட்டிருக்கிறார்கள்.