ஒன்றேகால் சதுரம்

ரெமிஜியஸ் மாமா மர்பி டவுனில் பள்ளி வேன் ஓட்டுகிறார். ஈஸ்டர் முடிந்ததும் மகன் டிரேவருக்குக் கல்யாணம். வீட்டில் படுக்கையறை ஒன்றுதான். அதனால் மொட்டைமாடியில் பத்துக்குப் பன்னிரண்டு அடியில் ஓர் அறை கட்ட நினைத்தார். நூறு சதுர அடி கொண்ட ஒரு சதுரத்துக்கு நாற்பதாயிரம் என்று எங்கோ கேட்டுவிட்டு, ஏறக்குறைய ஒன்றேகால் சதுரத்துக்கு ஐம்பதாயிரம் சேர்த்திருந்தார்.

டிரேவரின் சிநேகிதனான நான் சாக்பீஸால் அந்த அறையை மாடித் தரையில் வரைந்து, வாசலில் 'புதுமாப்பிள்ளை தூங்குகிறார்' என்று எழுதிவைத்தேன்.

அளவு பார்க்க வந்த மேஸ்திரி எத்திராஜ் அதைப் படித்துச் சிரித்தார். அப்புறம் சிரிக்கவில்லை.

"நாப்பதாயிரம்ங்கறது கூலி மட்டும்ணா. சிமெண்ட், கம்பி, ஒயரிங் எல்லாம் சேத்தா மூணு லட்சம் ஆவும். பர்மிஷன் ஃபீஸ், கரண்ட் லோடு ஏத்தறது தனி."

"காங்கிரீட்டுக்குப் பதிலா ஷீட் போட்டா?" என்று கேட்டார் மாமா.

"பாதி குறையும். ஆனா இது பில்லர் இல்லாத பழைய வீடு. மேல செவுரு ஏத்தினா தாங்காது. அஸ்திவாரத்துலேந்து பில்லர் எழுப்பணும். அதுக்கு கீழ் வீட்டையே ஒடைக்கணும்."

"டீ குடிச்சுட்டுப் போப்பா," என்றார் மாமா.

மேஸ்திரி போனதும் நான் வரைந்ததை அழிக்க ஈரத்துணியோடு வந்தேன்.

"இருக்கட்டும் விடுறா. மழை வந்தா அதுவே போயிடும்."

அறைக்குள் நின்றிருந்த மாமா, சாக்பீஸ் கோட்டைத் தாண்டாமல், நான் வரைந்த வாசல் வழியாகவே வெளியே வந்தார்.