முகத்தை நம்பினாள், சாவியைத் திருப்பவில்லை

குடிநீர் சுத்திகரிப்பு நிலையத்தின் கட்டுப்பாட்டு அறையில் எல்லோருக்கும் அவள் அக்கா. மூத்த ஆபரேட்டர். ஏமாறுவதில் அவளை மிஞ்ச ஆளே கிடையாது. "உங்க நிறத்துக்கு இது எடுப்பா இருக்கும்மா" என்று கடைக்காரர் சொல்லிவிட்டால் போதும், ஒன்றுக்கு இரண்டாக வாங்கிக்கொண்டு வருவாள். "உன் காதுல பூ சுத்த யாரும் கஷ்டப்பட வேண்டாம், நீயே காதைக் காட்டிட்டு நிக்கற" என்பார் கணவர். அவளும் சேர்ந்து சிரிப்பாள். தன் குணத்தோடு சண்டை போட்டு அலுத்து, சமாதானமாகிவிட்ட மனுஷி.

பக்கவாதம் வந்ததிலிருந்து கணவருக்கு வலது கை சரியாக எழும்புவதில்லை. வீடு அடுத்த தெருவில்தான். மதிய இடைவேளையில் ஓடிப்போய் அவருக்கு ஊட்டிவிட்டு, இரண்டு வார்த்தை கேலி வாங்கிக்கொண்டு திரும்புவாள்; நிலையத்தில் எல்லோருக்கும் இது தெரியும். இந்த வேலை இந்த இடத்தில் இருப்பதே அவளுக்குப் பெரிய வரம்.

அன்று முற்பகல், கணினித் திரையில் வீடியோ அழைப்பு வந்தது. தலைமைப் பொறியாளர். அதே வழுக்கை, அதே கண்ணாடி, அதே எரிச்சல்.

"குளோரின் அளவு காட்டுற மென்பொருள்ல கோளாறு. கம்பெனி ஆளுங்க வெளியிலிருந்து உள்ளே வந்து சரி பண்ணணும். ரிமோட் சாவியைத் திருப்புங்க. யார்கிட்டயும் சொல்லாதீங்க, விஷயம் வெளியே போனா ஊரே பதறிடும்."

வெளியிலிருந்து யாரும் பம்புகளையும் மருந்து அளவையும் தொட முடியாதபடி அந்தச் சாவி எப்போதும் மூடியேதான் இருக்கும். திருப்பினால் கதவைத் திறந்துவிட்ட மாதிரி.

பக்கத்து இருக்கைத் தம்பி கெட்டிக்காரன். கணினியில் செய்யும் போலி முகங்களைக் கண்டுபிடிப்பதில் தனக்குத் தனிக் கண் இருப்பதாக அவனுக்கு நினைப்பு. "சார், படம் சரியா தெரியல, கொஞ்சம் பக்கவாட்டுல திரும்புங்க" என்று நைசாகக் கேட்டான். திரும்பினார். கண்ணாடியைச் சரிசெய்தபோது அவர் கை முகத்தைக் கடந்தது. போலி முகமென்றால் அங்கேதான் கலையும்; ஒரு கோடுகூடக் கலையவில்லை. போன வாரம் எந்தப் பம்பைப் பார்க்க வந்தார் என்று கேட்டான். அதையும் டக்கென்று சொன்னார்.

மைக்கை அணைத்துவிட்டுத் தம்பி சொன்னான்: "அக்கா, அவரேதான். சந்தேகமே இல்ல."

"எனக்கும் அப்படித்தான்டா தோணுது."

"அப்புறம் என்ன யோசனை?"

"எனக்குத் தோணுறதை நம்பி நான் என்னைக்குடா உருப்பட்டிருக்கேன்?"

மைக்கைத் திறந்து, "சார், விதிப்படி உங்க நம்பருக்கு நானே கூப்பிட்டு உறுதி பண்ணிக்கறேன்" என்றாள்.

"எதிர்ல உக்காந்து பேசிட்டிருக்கேன், என்னையே உறுதி பண்ணுவியா? சரி, இந்த நம்பருக்குப் பண்ணு" என்று ஓர் எண்ணைச் சொன்னார். அவள் அதை எழுதிக்கொள்ளவில்லை. அலுவலகப் பட்டியலில் இருந்த எண்ணை மேசைத் தொலைபேசியில் அழுத்தினாள். திரையில் கூச்சல் ஏறியது. "நாளைக்கே உன்னை மலையடிவார பம்ப் ஹவுஸுக்குத் தூக்கி அடிக்கறேன், பார்!"

அங்கே போனால் மதியச் சோறு யார் ஊட்டுவார்கள்? இவர் நிஜமாகவே அவராக இருந்தால் இன்றோடு எல்லாம் போச்சு. ஆனாலும் போனை வைக்கவில்லை.

மறுமுனையில் மெல்லிய குரல் கேட்டது: "மீட்டிங்ல இருக்கேன், யாரு?"

அவள் விஷயத்தைச் சொன்னாள்.

"நீங்கதான் பேசறீங்கன்னு எனக்கு எப்படித் தெரியும்? வைங்க. நான் கட்டுப்பாட்டு அறைக்குக் கூப்பிடறேன்."

வைத்தாள். திரையில் இருந்தவர் மூச்சுவிடாமல் திட்டிக்கொண்டிருந்தார். மேசைத் தொலைபேசி ஒலித்தது. தம்பி ஸ்பீக்கரை அழுத்தினான். "தலைமைப் பொறியாளர் பேசறேன். யாருக்கும் எதையும் திறக்காதீங்க" என்ற குரலும் திட்டும் குரலும் அறையில் ஒரே நேரத்தில் ஒலித்தன. இரண்டும் அச்சு அசல் ஒன்றுதான். தம்பி வாயைப் பிளந்தான். திரை சட்டென்று கறுத்தது.

பாதுகாப்புப் பிரிவுக்குச் சொல்லி, அழைப்பின் விவரங்களை எடுத்துக் கொடுத்துவிட்டு நிமிர்வதற்குள் தலைமைப் பொறியாளரே நேரில் வந்துவிட்டார்.

"அப்படியே என்னை மாதிரியே இருந்தானாம்மா?"

"ஆமா சார். நான் முழுசா நம்பிட்டேன்."

"எதை வச்சு?"

அவள் தயங்கினாள். பொய் சொல்லவும் அவளுக்கு வராது.

"தூக்கி அடிப்பேன்னு கத்தினார் சார். அதுல எனக்குச் சந்தேகமே போயிடுச்சு."

தம்பி சட்டென்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். பெரியவரின் முகம் சிவந்து, பிறகு வாடியது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"மணியாச்சு," என்றார் தாழ்ந்த குரலில். "வீட்டுக்குப் போய் உங்க வீட்டுக்காரருக்கு ஊட்டிட்டு வாங்கம்மா. நீங்க வர்ற வரைக்கும் நான் இங்கே உக்காந்திருக்கேன்."